கொழும்பில் கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது?

கேள்வி: வெள்ளவத்தையில், மரைன் டிரைவில் இருந்து ஏறும் ஒரு லேனில் எங்கள் வீடு இருக்கிறது. 2050இல் கொழும்பு கடலுக்குள் போய்விடும் என்று சிவப்பு பூசிய ஒரு வரைபடத்தை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஐம்பது வருஷமாக இங்கேயே இருக்கும் மாமாவோ, "நான் பார்க்கக் கடல் அப்படியேதான் இருக்கு" என்கிறார். கொழும்பில் யாராவது அளந்திருக்கிறார்களா? எவ்வளவு உயர்ந்திருக்கிறது? வீட்டை விற்றுவிடுவதா?

பதில்:

அளந்திருக்கிறார்கள், இப்போதும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த அளவீட்டின்படி கொழும்பில் கடல் வருடத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை உயர்கிறது. 2005 அளவில் இருந்த கடலோடு ஒப்பிட்டால் இன்றைய கடல் ஏழெட்டு சென்ரிமீற்றர் மேலே நிற்கிறது எனலாம். 2050க்குள் இன்னும் 10 முதல் 20 சென்ரிமீற்றர் வரை ஏறும் என்று எதிர்பார்க்கலாம். மகன் அனுப்பிய படம் சொல்வதுபோல அந்த வருடத்தில் வெள்ளவத்தை கடலுக்குள் போகாது. ஆனால் இந்தச் சில சென்ரிமீற்றர்கள் ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல முடியாது. அவை தொந்தரவு தரப்போவது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கடற்கரைப் பக்கத்தில் அல்ல, காலி வீதிக்கு மறுபக்கத்தில், கால்வாய்ப் பக்கத்தில். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மாமா விஷயம்.

மாமா பொய் சொல்லவில்லை. கொழும்பில் கடல் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்த ஏற்ற இறக்கம் அரை மீற்றர் சொச்சம் வரும். அதற்கு மேல் பருவகாலம் இருக்கிறது. இங்கே மாதச் சராசரிக் கடல்மட்டம் ஆகஸ்ட் அளவில் தாழ்ந்தும் வருட முடிவில் உயர்ந்தும் இருக்கும். இடையில் உள்ள வித்தியாசமே பத்து சென்ரிமீற்றரைத் தாண்டும். வளியமுக்கம் ஒரு மில்லிபார் இறங்கினால் கடல் சுமார் ஒரு சென்ரிமீற்றர் ஏறும். தென்மேல் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் ரயில் பாதைக் கற்களில் அலை வந்து அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை ஆட்டத்துக்கு நடுவே இருபது வருடத்தில் ஏறிய ஏழெட்டு சென்ரிமீற்றரை எந்த மனிதக் கண்ணாலும் பிடிக்க முடியாது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவரின் கண்ணும் இதில் உதவாது. அதற்குக் கருவிதான் வேண்டும், அதுவும் பல வருடங்கள் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கருவி.

கொழும்பில் அந்தக் கருவி நகரத்தின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. மட்டக்குளியில் இருக்கும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் ஹவாய்ப் பல்கலைக்கழகக் கடல்மட்ட நிலையமும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்து சமுத்திரம் முழுவதும் எச்சரிக்கைக்காக இப்படியான நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. கொழும்பின் இன்றைய தொடர்ச்சியான பதிவும் 2006இல் இருந்துதான் கிடைக்கிறது. விருப்பமென்றால் நீங்களே பார்க்கலாம். ioc-sealevelmonitoring.org என்ற தளத்தில் `colo` என்ற குறியீட்டின் கீழ் கொழும்பின் வரைகோடு வரும். ஆனால் அங்கே தெரிவது சுத்திகரிக்காத நேரடிப் பதிவு. அதில் ஒரு வாரத்தைப் பார்த்துவிட்டுக் கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முடிவுகட்டக் கூடாது. வற்றுப்பெருக்கு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க அது நல்ல இடம், அவ்வளவுதான்.

கருவி வேலைசெய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. பழைய முறையில் ஒரு நிலைக்குத்துக் குழாய் கடலுக்குள் இறக்கப்பட்டிருக்கும். அதன் அடியில் ஒரு சின்னத் துவாரம். அலையின் குலுக்கல் உள்ளே போகாது, மெதுவாக மாறும் நீர்மட்டம் மட்டும் போகும். உள்ளே மிதக்கும் மிதவை ஏறி இறங்குவதைப் பதிவுசெய்வார்கள். இன்றைக்கு மேலே இருந்து நீர்ப்பரப்பை நோக்கி ரேடார் அலை அனுப்பும் உணரியும், நீருக்கடியில் அமுக்கத்தை அளக்கும் உணரியும் பாவனையில் இருக்கின்றன. ஒரு நிலையத்தில் இரண்டு மூன்று வகை உணரிகள் சேர்ந்தே இருப்பது நல்லது. துவாரத்தைச் சிப்பி அடைத்துவிடும். உணரியைக் கழற்றி மாற்றும்போது புதியது பழையதைவிட இரண்டு சென்ரிமீற்றர் மேலே பூட்டப்பட்டுவிடும். நிமிடக் கணக்கு வைக்கும் கடிகாரம் பிந்தும். இவற்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. இரண்டு உணரிகளின் அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து வரைந்து பார்ப்பார்கள். அந்தக் கோடு சமதளமாக ஓடினால் சரி. ஒரு நாளில் படிபோலத் துள்ளினால் கடல் துள்ளவில்லை, கருவியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கருவி பூட்டியிருக்கும் மேடை சிறிது சிறிதாகத் தாழ்ந்தால், கடல் அசையாமல் இருந்தாலும் உயர்ந்ததாகவே கருவி காட்டும். அதனால் பக்கத்தில் உறுதியான நிலத்தில் பதித்த உயரக்குறிகளோடு கருவியின் பூச்சியத்தை அவ்வப்போது மட்டம்பிடித்து ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத கடல்மட்டப் பதிவு, எத்தனை வருட நீளமாக இருந்தாலும், இந்த விஷயத்துக்கு உதவாது.

இப்போது எண்ணுக்கு வருவோம். 2006 முதல் 2017 வரையான கொழும்புப் பதிவை வைத்து நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணிப்பு, மாதத்துக்கு 0.288 மில்லிமீற்றர், கூடக்குறைய 0.118 மில்லிமீற்றர் என்று சொல்கிறது. மாதக் கணக்கு மனதில் நிற்காது, அதனால் பன்னிரண்டால் பெருக்குவோம். வருடத்துக்கு கிட்டத்தட்ட 3.5 மில்லிமீற்றர், கூடக்குறைய 1.4. அதாவது உண்மை 2.1க்கும் 4.9க்கும் இடையில் எங்கோ இருக்கலாம். மேல் எல்லை கீழ் எல்லையைவிட இரண்டு மடங்குக்கு மேல். பத்திரிகையில் இந்த ஆய்வைப் பற்றி எழுதினால் 3.5 என்ற எண் மட்டும்தான் வரும். "கூடக்குறைய" என்ற பகுதி எப்போதும் அச்சகத்திலேயே விழுந்துவிடும். எனக்கு அந்தப் பகுதிதான் பெறுமதியானது.

ஏன் இவ்வளவு அகலம்? பதிவு பன்னிரண்டு வருடம்தான். எல்நினோ, இந்து சமுத்திர இருமுனை ஊசலாட்டம் போன்றவை காற்றையும் வெப்பத்தையும் இடம்மாற்றும்போது ஒரு வருடத்தின் சராசரிக் கடல்மட்டம் அடுத்த வருடத்தோடு ஒப்பிடச் சில சென்ரிமீற்றர் மாறும். பன்னிரண்டு வருடத்தில் ஏறும் மொத்த அளவே நான்கு சென்ரிமீற்றர் அளவுதான். முதல் இரண்டு வருடம் தற்செயலாகத் தாழ்ந்தும் கடைசி இரண்டு வருடம் தற்செயலாக உயர்ந்தும் இருந்தால் சரிவு கூடித் தெரியும், மாறி இருந்தால் குறைந்து தெரியும். வற்றுப்பெருக்கிலும் 18.6 வருடத்துக்கு ஒரு சுற்று இருக்கிறது, சந்திரனின் பாதையின் சாய்வு மெல்ல மாறுவதால் வருவது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு இடத்தின் நீண்டகாலப் போக்கை நம்பிக்கையோடு சொல்ல ஐம்பது அறுபது வருடப் பதிவு கேட்பது இதனால்தான்.

சரி, அப்படியென்றால் கொழும்பின் 3.5ஐ நம்பலாமா? தனியாக நின்றால் அரைகுறையாகத்தான் நம்பலாம். ஆனால் அது தனியாக நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் மும்பை, கொச்சி போன்ற துறைமுகங்களில் மிக நீண்ட பதிவுகள் இருக்கின்றன. வட இந்து சமுத்திரத்தின் நீண்ட பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது இருபதாம் நூற்றாண்டுக்கு வருடத்துக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீற்றர் வரை வந்தது. அதே கடற்பரப்பைச் செய்மதிகளால் 1993 முதல் 2012 வரை அளந்தபோது 3.2 வந்தது. உலகச் சராசரியும் இதே கதையைச் சொல்கிறது. 1901 முதல் 1971 வரை வருடத்துக்கு 1.3 மில்லிமீற்றர், 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீற்றர். கொழும்பின் 3.5 இந்த வரிசையில் சரியாகப் போய் உட்காருகிறது. வெவ்வேறு கருவி, வெவ்வேறு ஆட்கள், ஆனால் கிட்டத்தட்ட ஒரே விடை. அதனால்தான் நான் தொடக்கத்தில் "3 முதல் 4" என்று துணிந்து எழுதினேன். அந்த நம்பிக்கை கொழும்புக் கருவி மட்டும் தந்தது அல்ல.

செய்மதி என்றதும் ஒரு சின்னப் பக்கக் கதை. கடல் தட்டையானது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உலகத்திலேயே கடல்மேற்பரப்பு ஆகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு, அதனால் பூமிக்குக் கணிதத்தில் போடும் ஒழுங்கான உருண்டை வடிவத்தோடு ஒப்பிடும்போது கடல் நூறு மீற்றருக்கு மேல் பள்ளமாக இருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. இந்தப் பள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை. இதைக் காட்டி "நம்மூரில் கடல் தாழ்வு, பயமில்லை" என்று எழுதிய ஒன்றை முகநூலில் பார்த்திருக்கிறேன், நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது நிலம். உங்களுக்குத் தேவையானது கடலின் உயரம் மட்டுமல்ல, கடலுக்கும் உங்கள் வாசற்படிக்கும் இடையிலான வித்தியாசம். கொழும்பின் அடியில் இருப்பது மிகப் பழைய, உறுதியான பாறை. ஜகார்த்தா மாதிரி நகரமே இறங்கிக்கொண்டு போகும் நிலைமை இங்கே இல்லை. ஆனால் அந்தப் பாறைக்கு மேல் எல்லா இடத்திலும் ஒரே மண் இல்லை. முத்துராஜவெலப் பக்கத்திலும், நகரத்தின் பழைய சதுப்புகளை நிரப்பிய இடங்களிலும் கறுப்பு முற்றா நிலக்கரி மண் இருக்கிறது. சுமை ஏறினால் அது அமுங்கும், நீரை வடித்தாலும் அமுங்கும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையைப் போட்டவர்களுக்கு இந்த மண்ணோடு பெரிய மல்லுக்கட்டு. அப்படியான இடத்தில் வீட்டுக்காரர் ஒருவர் வருடத்தில் சில மில்லிமீற்றர் கீழே போகிறார் என்றால், கடல் ஏறுவதற்குச் சமமான இழப்பு அவருக்கு நிலத்தாலேயே வந்துவிடுகிறது. மரைன் டிரைவ் பக்கம் நீங்கள் இருப்பது அந்தச் சதுப்பு மண்ணில் அல்ல. அது உங்களுக்கு நல்லது.

இனி எதிர்காலம். இங்கே நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்யும் ஒரு தவறான கணக்கு. வருடத்துக்கு 3.5 மில்லிமீற்றர், 2100க்கு இன்னும் எழுபத்தைந்து வருடம், ஆகவே 26 சென்ரிமீற்றர் என்று பெருக்கிவிடுவது. வேகம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. ஆனால் வேகம் ஏற்கெனவே மாறியிருக்கிறது. செய்மதி அளவீடு தொடங்கிய 1993இல் உலகச் சராசரி வருடத்துக்கு சுமார் 2.1 மில்லிமீற்றர், முப்பது வருடம் கழித்து சுமார் 4.5. கடல்நீர் சூடாகி விரிவதும், மலைப் பனியாறுகளும் கிறீன்லாந்தும் அந்தாட்டிக்காவும் உருகுவதும் சேர்ந்து செய்யும் வேலை இது. இரண்டின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் நேர்கோட்டுக் கணக்கு 2100க்கான விடையைக் குறைத்தே காட்டும்.

அதற்காக வளைகோட்டை நம் இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழுவின் ஆறாவது அறிக்கை 2050க்கு உலகச் சராசரி உயர்வை, வாயு வெளியேற்றத்தை மிகவும் குறைத்தால் 15 முதல் 23 சென்ரிமீற்றர், மிகவும் கூட்டினால் 20 முதல் 29 சென்ரிமீற்றர் என்று போடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தழுவுவதைக் கவனியுங்கள். 2050 வரை நாம் எந்த வழியில் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் ஏற்கெனவே வெளியேற்றிய வாயுக்களால் அந்த உயர்வின் பெரும்பகுதி நிச்சயமாகிவிட்டது. இதனால் 2050க்கான எண்ணை ஓரளவு உறுதியாகப் பேசலாம்.

ஆனால் இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அவை இன்றிலிருந்து கணக்கிட்டவை அல்ல. 1995 முதல் 2014 வரையான சராசரிதான் அவற்றின் பூச்சியம், அதாவது 2005ஐ ஒட்டிய கடல். அதில் ஏழெட்டு சென்ரிமீற்றர் இப்போதே ஏறிவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தால்தான் நான் மேலே சொன்ன "இன்னும் 10 முதல் 20" வரும். பல கட்டுரைகளில் இந்தக் கழித்தல் நடப்பதில்லை. சில இடங்களில் 2100 எண்ணும் 2050 எண்ணும் கலந்துகூட விடுகின்றன.

2100 வேறு கதை. வெளியேற்றம் நன்றாகக் குறைந்தால் 32 முதல் 62, நடுத்தர வழியில் 44 முதல் 76, மிக அதிகமாக இருந்தால் 63 முதல் 101 சென்ரிமீற்றர். இந்த வீச்சுகள் முழு நிச்சயமும் அல்ல. அறிக்கையின் பாஷையில் அவை "அநேகமாக" என்ற வகை, உண்மை அந்த வீச்சுக்குள் விழும் வாய்ப்பு குறைந்தது மூன்றில் இரண்டு என்று பொருள். மிச்ச மூன்றில் ஒன்று? பனிப்படலங்கள் உடையும் விதம் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரியாதவை அங்கே இருக்கின்றன. வெளியேற்றம் மிக அதிகமானால் 2100இல் உயர்வு 2 மீற்றரை நெருங்குவதை மறுக்க முடியாது என்று அந்த அறிக்கையே எழுதியிருக்கிறது. "வராது" என்று சொல்லும் துணிவு விஞ்ஞானிகளுக்கு இல்லை. "வரும்" என்றும் அவர்கள் சொல்லவில்லை. தலைப்புச் செய்திக்கு எடுத்தவர்கள் இரண்டாவதாகத்தான் எழுதினார்கள்.

கொழும்புக்குத் தனி எண் கேட்பீர்கள். உலகக் கரையோரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் உயர்வு உலகச் சராசரியில் இருந்து இருபது சதவீதம் கூடியோ குறைந்தோ அமையும் என்பது அறிக்கையின் கணிப்பு. கொழும்பை அந்தக் கூட்டத்துக்குள் வைத்தே நான் பார்க்கிறேன். அதற்கு மேல் மில்லிமீற்றர் சுத்தமாக 2100க்கு ஒரு கொழும்பு எண்ணை யாராவது தந்தால், அதைக் கணினியின் விடை என்று எடுத்துக்கொள்ளுங்கள், அளவீடு என்று நினைக்காதீர்கள்.

இப்போது மகனின் வரைபடம். அப்படியான படங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் செய்யப்படுகின்றன. நிலத்தின் உயரத்தை விண்ணில் இருந்து எடுத்த தரவில் இருந்து எடுத்து, ஒரு நீர்மட்டத்தைத் தீர்மானித்து, அதற்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுவார்கள். நீர் அங்கே போக வழி இருக்கிறதா, நடுவில் அணைக்கட்டோ ரயில் மேடோ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்தில் இருந்து எடுத்த உயரத் தரவு இன்றும் பாவனையில் இருக்கிறது. அது கூரையையும் மரத்தையும் நிலம் என்று கணக்கெடுத்தது, அதில் மீற்றர் கணக்கில் பிழை இருக்கும். அதைத் திருத்திய புதிய தரவுகளிலும் பிழை முற்றாகப் போகவில்லை. 20 சென்ரிமீற்றர் உயர்வின் விளைவை, அதைவிடப் பல மடங்கு பிழையுள்ள உயரத்தின் மேல் வரைந்தால் நிறம் எங்கே விழும் என்று யாரால் சொல்ல முடியும்? இன்னொன்று, சில படங்கள் சாதாரணக் கடல்மட்டத்தைக் காட்டுவதில்லை, வருடத்தில் ஒரு தடவை வரக்கூடிய உச்ச நீர்மட்டத்தைக் காட்டுகின்றன. சிவப்பு என்றால் நிரந்தரமாக மூழ்குவது என்று நாம் வாசித்துவிடுகிறோம்.

ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு உண்மை இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு அதிகமாக இருப்பது கடலோரத்தில் அல்ல, கொலன்னாவ, கிருலப்பனை, பாமன்கடைப் பக்கங்களில், கால்வாய்களை ஒட்டித்தான் இருக்கும். வெள்ளவத்தையில் காலி வீதி ஒரு மேடு. அதற்கு மேற்கே நிலம் ரயில் பாதை வரை சரிகிறது, கிழக்கே ஹம்டன் லேன், டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தைப் பக்கம் கால்வாயை நோக்கிச் சரிகிறது. பெருமழைக்கு வெள்ளம் நிற்பது எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

கொழும்பில் விழும் மழை எப்படிக் கடலுக்குப் போகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நகரத்துக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த நிலத்தின் நீர் கால்வாய்கள் வழியாக வந்து, தெற்கே வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும், வடக்கே முகத்துவாரப் பக்கத்திலும் கடலில் விழுகிறது. வடக்கில் களனி கங்கைக்குப் போகும் மதகும் உண்டு. கங்கை பெருகினால் அந்த மதகை மூட வேண்டும், இல்லாவிட்டால் கங்கை நகரத்துக்குள் வந்துவிடும். நாகலகம் வீதியில் இருக்கும் அளவுகோலை நீர்ப்பாசனத் திணைக்களம் இன்றும் அடிக் கணக்கில்தான் சொல்கிறது. ஐந்து அடி என்றால் சிறு வெள்ளம், ஏழு அடி என்றால் பெருவெள்ளம். வெள்ள நேரத்தில் வானொலியில் நீங்கள் கேட்கும் எண் அதுதான்.

இந்தக் கால்வாய்களில் பம்பு இல்லாமல் நீர் ஓடுவது உள்ளே இருக்கும் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருப்பதால்தான். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் எல்லாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, ஆனால் இங்கத்தைய அளவில் உள்ளவை. மழை பெய்து உள்ளே கால்வாய் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 90 சென்ரிமீற்றரில் நிற்கிறது. கடல் பெருக்கு நேரத்தில் 30 சென்ரிமீற்றரில் நிற்கிறது. வித்தியாசம் 60. இப்போது கடலை 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். வித்தியாசம் 40 ஆகிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கால்வாயில் ஓட்டம் சரிவின் வர்க்கமூலத்தோடு போவதால் நீரோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையாது, கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். பத்து மணித்தியாலத்தில் வடிந்த வெள்ளம் இனிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். உண்மையான கால்வாயில் வாயருகே ஆழம் கூடுவதால் இழப்பு சற்றுக் குறையலாம், பாலமும் குப்பையும் தடுத்தால் கூடலாம். ஆனால் திசை இதுதான். கடல் உங்கள் வீட்டுக்குள் வரத் தேவையில்லை, மழை வெளியே போவதைத் தாமதமாக்கினாலே போதும்.

எவ்வளவு மழை என்கிறீர்களா? 1992 ஜூன் 4இல் கொழும்பில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 500 மில்லிமீற்றர் பெய்தது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் போனது. இந்த இரண்டையும் கடல் உயர்வு உண்டாக்கவில்லை, சதுப்பை நிரப்பியதும் கால்வாயை ஒடுக்கியதும் பெருமளவு காரணம். அதே மழை 20 சென்ரிமீற்றர் உயர்ந்த கடலோடு வந்தால் வடிய இன்னும் நேரம் எடுக்கும், அதைத்தான் சொல்கிறேன். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களில் அலை கொண்டுவந்து மணல் திட்டுப் போட்டு மூடுவதும், பெக்கோ வந்து வெட்டிவிடுவதும் உங்களுக்குப் பழக்கமான காட்சி. மழைக்கு முன்னால் அந்த வாய் திறந்திருக்கிறதா என்பது இன்றைக்கு ஐந்து சென்ரிமீற்றர் கடல் உயர்வைவிடப் பெரிய கேள்வி.

கல்கிசைப் பக்கம் கரை தேய்வதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2020இல் அங்கே கொட்டிய மணலின் பெரும்பகுதியைக் கடல் வேகமாகக் கொண்டுபோனதை எல்லாரும் பார்த்தோம். கடல் உயர்வு அதில் ஒரு சிறு பங்கு இருக்கலாம். களனி, களு கங்கைகளில் மணல் அள்ளியதால் கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் போனதும், கரையில் கட்டிய கட்டுமானங்கள் மணலின் ஓட்டத்தைத் திருப்பியதும் பெரிய பங்குகள். அம்பத்தலையில் வறட்சிக் காலத்தில் குடிநீர் எடுக்கும் இடம் வரை உப்பு ஏறுவதும் இதே மாதிரிதான், மணல் அள்ளிக் கங்கையின் படுகையே கடல்மட்டத்துக்குக் கீழே போனது அங்கே முதல் காரணம். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடுவது மணல் அள்ளியவர்களுக்குத்தான் வசதி. "ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் கரை ஒரு மீற்றர் பின்வாங்கும்" என்ற விதியும் வெறும் மணற்கரைக்கானது. ரயில் பாதைக்குக் கல் அடுக்கிய வெள்ளவத்தைக்கு அது பொருந்தாது.

சரி, வீடு. மரைன் டிரைவ் பக்கமாக இருக்கும் வீட்டைக் கடல்மட்ட உயர்வுக்காக மட்டும் இன்றைக்கு விற்க நான் காரணம் காணவில்லை. உங்கள் பக்கத்தின் உண்மையான பிரச்சினை அலை. 20 சென்ரிமீற்றர் உயர்ந்த கடலில் பருவக்காற்றுக் காலத்து அலை ரயில் பாதைக் கல்லைத் தாண்டும் நாட்கள் கூடும், உப்புத் தூவானம் கூடும், ரயில் நிற்கும் நாட்களும் கூடலாம். காலி வீதிக்கு மறுபக்கம், கால்வாய்க்கு அருகில் ஒரு வீட்டை வாங்கப் போகிறீர்கள் என்றால் வேறு விதமாகப் பேசுவேன். அந்த லேனில் 2010இலும் 2016 மே மாதத்திலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள், மதிலில் கறை இருந்தால் அளந்துகொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் மின்பலகையும் தண்ணீர்ப் பம்பும் நிலக்கீழ்த் தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நில அளவையாளரிடம் நிலத்தின் உயரத்தை எடுத்தால் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்திருங்கள். வரைபடத்தில் "சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 1.2 மீற்றர்" என்று இருந்தால், அந்தச் சராசரிக் கடல்மட்டம் வெள்ளைக்காரர் காலத்தில் நிலைநிறுத்திய பூச்சியம். அதற்குப் பிறகு கடல் ஏறியிருக்கிறது. 1901இல் இருந்து 2018 வரை உலகச் சராசரி உயர்வே சுமார் 20 சென்ரிமீற்றர். ஆகவே இன்றைய கடலுக்கு மேல் உங்கள் நிலம் காகிதத்தில் இருப்பதைவிடப் பத்து, இருபது சென்ரிமீற்றர் குறைவாக இருக்கக்கூடும். காலி வீதி மேட்டில் இருப்பவருக்கு இது பொருட்டல்ல. கால்வாய்க் கரையில் 1.2 மீற்றரில் இருப்பவர் அதைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.